ஏ.டி.எச்.டி.யும் பதற்றமும் சேர்ந்திருக்கும் குழந்தை: எதற்கு முதலில் சிகிச்சை?

ஒரு குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறும் பதற்றக் கோளாறும் சேர்ந்தே இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகு, பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் மாத்திரை கொடுத்தே ஆக வேண்டுமா என்பதுதான். எதிலிருந்து தொடங்குவது என்பதை யாரும் கேட்பதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த முதல் சீட்டே அதற்கான விடையாகிவிடுகிறது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் வீட்டிலும் பள்ளியிலும் என்ன நடக்கும் என்பதை இந்த வரிசை கணிசமாகத் தீர்மானிக்கிறது. இது அபூர்வமான நிலையும் அல்ல. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1999இல் முடிவுகள் வெளியான எம்.டி.ஏ. ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 7 முதல் 9 வயது வரையிலான 579 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பதற்றக் கோளாறும் இருந்தது.

பேச்சு வெறும் கொள்கையாக நின்றுவிடாமல் இருக்க, ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். அவன் குறிப்பிட்ட ஒரு குழந்தை அல்லன். இத்தகைய பல குழந்தைகளிடம் காணப்படுபவற்றைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு. வயது ஒன்பது, படிப்பது நான்காம் வகுப்பு, எடை 26 கிலோ. கரும்பலகையில் உள்ளதைப் பாதி எழுதிவிட்டு நிறுத்திவிடுவான். வாரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டிலையாவது தொலைப்பான். யு.கே.ஜி. ஆசிரியையே “பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்” என்று எழுதியனுப்பியிருக்கிறார். கடந்த ஓராண்டாக வேறொன்றும் சேர்ந்திருக்கிறது: காலை ஆறரை மணிக்கு வயிற்றுவலி, இரவில் அம்மா பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம், அம்மா கடைக்குப் போனால்கூட “வந்துருவேல்லம்மா?” என்று நான்கைந்து முறை கேட்பது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு மட்டம் போடுகிறான். மற்ற நாட்களில் அழுதுகொண்டாவது போய்விடுகிறான்.

இவன் விஷயத்தில் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்தை முதலில் தொடங்கலாம். பதற்றத்துக்கான உளவியல் சிகிச்சையையோ மருந்தையோ முதலில் தொடங்கலாம். இரண்டையும் ஓரளவு தொடக்கூடிய அடோமோக்செடின் என்ற ஒரே மருந்தைக் கொடுக்கலாம். அல்லது இரண்டுக்குமான சிகிச்சைகளை ஒன்றாகவே தொடங்கலாம். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆறு வயதைக் கடந்து, பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்கு முதல் வழியே பெரும்பாலும் பொருத்தமானது. ஏ.டி.எச்.டி. பெரிய நோய், பதற்றம் சிறிய நோய் என்பது அதற்குக் காரணமல்ல. விடை சீக்கிரம் தெரிந்துவிடும். தவறிப்போனால் சீக்கிரம் திரும்பிவிடலாம். காரணம் அவ்வளவுதான்.

முதலில் நோயறிதல் உறுதியா என்று பார்க்க வேண்டும்

வரிசையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இரண்டும் உண்மையிலேயே இருக்கின்றனவா என்பது தெரிய வேண்டும். பதற்றம் கவனத்தைத் தின்றுவிடும். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தையின் காதில் பாடம் ஏறாது. ஏ.டி.எச்.டி.யும் தன் பங்குக்குப் பதற்றத்தை உண்டாக்கும். தினமும் திட்டு வாங்கி, வீட்டுப்பாட நோட்டை மறந்து, தேர்வில் தெரிந்த விடையையே விட்டுவிட்டு வரும் குழந்தைக்குப் பள்ளி என்றாலே வயிறு கலங்குவதில் வியப்பில்லை.

இவற்றைப் பிரித்தறியக் காலவரிசை மிகவும் உதவுகிறது. ஏ.டி.எச்.டி.யின் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பதும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும் என்பதும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேட்டின் நிபந்தனைகள். ஆனால் நடைமுறையில் நான் அதிகம் நம்புவது வேறொரு கேள்வியை: பயம் எதுவும் இல்லாத நேரத்தில் குழந்தை எப்படி இருக்கிறான்? கோடை விடுமுறையில், பாட்டி வீட்டில், அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போதும் கேரம் ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுகிறான், சொல்ல வந்ததை மறந்துவிடுகிறான் என்றால், அங்கே ஏ.டி.எச்.டி. தனியாக இருக்கிறது. விடுமுறையில் மணிக்கணக்காக ஒரே வேலையில் ஆழ்ந்திருந்து, பள்ளி திறந்ததும் கவனம் சிதறுகிறது என்றால் பதற்றத்தையும் கற்றல் குறைபாட்டையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிடித்த வீடியோ விளையாட்டில் ஆழ்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது, ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளும் அதில் ஆழ்ந்துபோவார்கள்.

கவனத்துக்கு வாண்டர்பில்ட், பதற்றத்துக்கு ஸ்கேர்டு போன்ற கேள்வித்தாள்கள் இருக்கின்றன. முன்னதை ஆசிரியரும் பெற்றோரும், பின்னதைப் பெற்றோரும் குழந்தையும் தனித்தனியே நிரப்ப வேண்டும். 41 கேள்விகள் கொண்ட ஸ்கேர்டில் 25ஐ எட்டினால் பதற்றக் கோளாறு இருக்கக்கூடும் என்று பொருள். நோயை முடிவு செய்ய இந்த எண்கள் மட்டும் போதா. ஆனால் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே இரண்டையும் நிரப்பி வைத்துக்கொள்ளாவிட்டால், மூன்று மாதம் கழித்து எது குறைந்தது, எது குறையவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நம் சிறுவன் கோடை விடுமுறையிலும் அப்படியேதான் இருந்தான். ஸ்கேர்டில் அம்மா கொடுத்த மதிப்பெண் 34, அவனே கொடுத்தது 30. இரண்டும் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏ.டி.எச்.டி. முதலில்

இந்த வழிக்கு எதிராக ஒரு பழைய அச்சம் உண்டு. ஊக்கி மருந்து பதற்றத்தைக் கூட்டிவிடும் என்பது பெற்றோர்களின் எண்ணம் மட்டுமல்ல. கடுமையான பதற்றம் உள்ளவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுக்கக்கூடாது என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே பல ஆண்டுகள் அச்சிடப்பட்டிருந்தது. ஆய்வுகள் அந்த அச்சத்தைப் பெரிதும் தளர்த்திவிட்டன. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ 3,000 குழந்தைகள் பங்கேற்ற 23 சோதனைகளை ஒன்றாகப் பார்த்தபோது, ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட ஊக்கி மருந்து எடுத்தவர்களிடம் பதற்றம் சற்றுக் குறைவாகவே தெரிவிக்கப்பட்டிருந்தது. இது சராசரி என்பதை மறந்துவிடக்கூடாது. சில குழந்தைகளுக்கு இந்த மருந்தால் பதற்றம் கூடுவது உண்மைதான். அந்தச் சிலரில் நம் குழந்தையும் ஒருவனா என்பது கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொடுத்துப் பார்ப்பது எளிது என்பதில்தான் இந்த வழியின் பலம் இருக்கிறது. குறுகிய நேரம் செயல்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, நான்கு மணி நேர அளவில் அடங்கிவிடும். வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவர் கூட்டுவார். அதற்கு முன்பு உயரம், எடை, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதயநோயோ திடீர் மரணமோ நேர்ந்திருக்கிறதா, குழந்தை விளையாடும்போது மயங்கி விழுந்திருக்கிறானா என்று கேட்பார். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் ஒரு விடை கிடைத்துவிடும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்திய மறுநாளே அதன் விளைவு உடம்பை விட்டுப் போய்விடும். மற்ற மூன்று வழிகளில் எதுவும் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வதில்லை.

ஆனால் பதற்றமும் உள்ள குழந்தையிடம் இந்தப் பதிலைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவுகளான வயிற்றுவலி, பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு, தூக்கம் வரத் தாமதமாவது ஆகிய எல்லாமே பதற்றத்தின் அறிகுறிகளும்தான். இங்கே கடிகாரம்தான் சாட்சி. நம் சிறுவனுக்குக் காலை ஏழே முக்காலுக்கு, இட்லி சாப்பிட்ட பிறகு மாத்திரை கொடுக்கப்படுகிறது. வயிற்றுவலி ஆறரைக்கு வந்தால் அது பழைய வலி; அந்த நேரத்தில் அவன் உடம்பில் மருந்தே இல்லை. எட்டரை மணிக்கு மேல் புதிதாக வந்து, பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் வந்தால், அது மருந்தினால் வரும் வலி. நண்பகல் வேளை மாத்திரையின் வேகம் அடங்கும் மாலை நான்கு, ஐந்து மணிக்குக் குழந்தை காரணமில்லாமல் எரிச்சல்பட்டு அழுவதும் உண்டு. அதைப் பதற்றம் கூடிவிட்டது என்று எண்ணி மருந்தையே கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். மருந்து கொடுக்கும் நேரத்தையோ மாத்திரையின் வகையையோ மாற்றினால் பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

இன்னொரு நிலை எளிதில் கண்ணில் படாது. குழந்தை வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான், ஆசிரியைக்கு மகிழ்ச்சி. ஆனால் இடைவேளையில் யாருடனும் பேசுவதில்லை, சிரிப்பதில்லை, நகத்தையும் சட்டைக் காலரையும் கடித்துக்கொண்டே இருக்கிறான். அளவு கூடிப்போனதற்கான அடையாளம் இது. இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் குறைவல்ல. ஆகவே ஆசிரியரிடம் “ஒழுங்காக உட்கார்கிறானா?” என்று மட்டும் கேட்காமல், “இடைவேளையில் யாரோடு விளையாடினான்?” என்றும் கேட்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு நடைமுறைத் தொல்லை ஒன்றும் உண்டு. மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் வகையைச் சேர்ந்தது. மருந்துச் சீட்டு இரண்டு படிகளாக வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதை விற்கக் கடைக்குத் தனி உரிமமும் தேவை. எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதால், சிறிய ஊர்களில் இருப்பவர்கள் எந்தக் கடையில் தொடர்ந்து கிடைக்கும் என்பதை முதல் சீட்டு வாங்கும் அன்றே மருத்துவமனையில் கேட்டுக்கொள்வது நல்லது. விட்டு விட்டுக் கொடுத்தால், நன்றாக இருந்த நாளுக்கும் மோசமான நாளுக்கும் காரணம் குழந்தையா மருந்தா என்ற குழப்பமே மிஞ்சும்.

பதற்றம் முதலில்

இந்த வழியைத் தேர்ந்தெடுக்கத் தெளிவான காரணங்கள் சில இருக்கின்றன. குழந்தை வாரக்கணக்கில் பள்ளிக்கே போகவில்லை. திடீர்த் திகிலால் மூச்சுத் திணறுகிறது. சாப்பாட்டையோ தூக்கத்தையோ பயம் கெடுத்துவிட்டது. கை கழுவுவது போன்ற கட்டாயச் செயல்கள் நாளின் பெரும்பகுதியை விழுங்குகின்றன. இத்தகைய குழந்தையின் கவனத்தை எதற்காகச் சீராக்குவது? அது பயன்பட வேண்டிய வகுப்பறையிலேயே அவன் இல்லை. சாக வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை சொன்னால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் கவனிக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே. ஏ.டி.எச்.டி. இருப்பதே உறுதியாகாதபோதும் பதற்றத்தை முதலில் கவனிப்பது நியாயம். பதற்றம் தணிந்த பிறகும் கவனக்குறைவு நிற்கிறதா என்று பார்க்கலாம்.

பதற்றத்துக்கு முதல் சிகிச்சை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி. வாரம் ஒன்று என்று பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வுகள் வரை நடக்கும். பயப்படும் சூழலைச் சிறிய படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பயம் தானாக வடியும்வரை நிற்கப் பழகுவதே அதன் சாரம். நம் சிறுவனுக்கு என்றால், அம்மா அறைக்கு வெளியே பத்து நிமிடம் இருப்பது முதல் படி. மாடி வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் கழித்து வருவது அடுத்த படி. தனியாகப் படுத்துத் தூங்குவது மேல்படி.

2008இல் வெளியான காம்ஸ் ஆய்வில், 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் இந்தச் சிகிச்சையும் பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் செர்ட்ராலின் மருந்தும் ஒப்பிடப்பட்டன. பன்னிரண்டு வாரங்களில் நன்கு முன்னேறியவர்கள் சி.பி.டி. பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காடு, செர்ட்ராலின் எடுத்தவர்களில் 55, இரண்டும் பெற்றவர்களில் 81, போலி மாத்திரை எடுத்தவர்களில் 24. நல்ல எண்கள்தாம். ஆனால் அந்த ஆய்வில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டது, அவர்கள் ஏற்கெனவே நிலையான அளவில் ஊக்கி மருந்து எடுத்துக்கொண்டிருந்த நிலையில்தான். எனவே இந்த எண்களை அப்படியே எடுத்து, சிகிச்சை தொடங்காத ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்குப் பொருத்திவிட முடியாது.

ஏன் என்பது ஓர் அமர்வை நேரில் பார்த்தால் புரியும். பயத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் கொடுக்கச் சொல்கிறார் உளவியலாளர்; சிறுவன் “ஏழு” என்கிறான், உடனே மேசை மேல் இருக்கும் ஸ்டேப்ளரை எடுத்துக் கழற்றத் தொடங்குகிறான். பயம் வடிந்து நான்காகிவிட்டதைக் கவனித்து மனதில் பதித்துக்கொள்வதுதான் அந்தப் பயிற்சியின் பயன். அந்த நேரத்தில் அவன் கவனம் ஸ்டேப்ளரில் இருக்கிறது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சித் தாள் பையின் அடியில் கசங்கிக் கிடக்கிறது. அமர்வை 50 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகக் குறைத்து, எழுத்தைவிடச் செய்கையை அதிகமாக்கி, பெற்றோரையும் உட்காரவைத்து நடத்தினால் இதை ஓரளவு சமாளிக்கலாம். அப்படி நடத்தத் தெரிந்தவர் கிடைக்கிறாரா என்பதுதான் இந்த வழியைத் தேர்வதற்கு முன் விசாரிக்க வேண்டியது. அமர்வில் பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி எதுவும் இல்லாமல் மூச்சுப்பயிற்சியும் அறிவுரையும் மட்டுமே பல வாரங்களாக நடந்தால், அதைச் சி.பி.டி. என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

செர்ட்ராலின், ஃப்ளூஆக்செடின் போன்ற மருந்துகளை முதலில் தொடங்குவதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இவை முழுமையாகப் பலன் தர நான்கு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். பலன் தெரிவதற்கு முன், முதல் சில வாரங்களில், சில குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகத் துடிப்பாகிவிடுவார்கள். தூக்கம் குறையும், பேச்சு பெருகும், எதிர்த்துப் பேசுவார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தையிடம் இது தோன்றினால், “பழைய சேட்டை கூடிவிட்டது” என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். மருந்து தொடங்கிய நாளையும் அளவு கூட்டிய நாளையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தால், சேட்டை எந்த வாரத்தில் தொடங்கியது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். இளவயதினரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையும் இம்மருந்துகளுக்கு இருப்பதால், தொடக்க வாரங்களில் மருத்துவரைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஒரே மருந்து, அல்லது இரண்டும் ஒன்றாக

அடோமோக்செடின் கேட்பதற்கு இதமான வழி. ஊக்கி மருந்து அல்ல. அட்டவணை எக்ஸ் தொல்லை இல்லை. நாள் முழுவதும் செயல்படும். இரண்டு கோளாறுகளும் உள்ள குழந்தைகளிடம் 2007இல் வெளியான பன்னிரண்டு வாரச் சோதனையில் இரண்டுமே குறைந்தன. ஆனால் பலன் தெரிய ஆறு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கவனக்குறைவைப் பொறுத்தவரை, சராசரியில் ஊக்கி மருந்தின் அளவுக்கு இதன் பலம் இல்லை. தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை இதற்கும் உண்டு. ஊக்கி மருந்து ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும், அது தொடர்ந்து கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கும், இரண்டு கோளாறுகளும் நடுத்தர அளவில் இருப்பவர்களுக்கும் இதை முதலிலேயே எண்ணிப் பார்க்கலாம். பின்னால் பதற்றத்துக்கு ஃப்ளூஆக்செடின் சேர்க்க நேர்ந்தால், அது கல்லீரல் அடோமோக்செடினை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்து ரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெவ்வேறு மருத்துவர்களிடம் காட்டும் குடும்பங்களில் இது தவறிப்போகும்.

இரண்டையும் ஒன்றாகத் தொடங்குவது என்றால், இரண்டு மருந்துகளை ஒரே வாரத்தில் தொடங்குவது என்று கொள்ளக்கூடாது. அப்படிச் செய்தால், தூக்கம் கெட்டது எதனால், பசி போனது எதனால் என்று பிரிக்க வழியே இருக்காது. ஒரு மருந்தும், மருந்தில்லாத பயிற்சியும் சேர்ந்து தொடங்குவதற்கு அந்தத் தடை இல்லை. எம்.டி.ஏ. ஆய்வு இதற்கு ஆதரவாகப் பேசுகிறது: பதற்றமும் இருந்த குழந்தைகளிடம், நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்கள்கூட மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாக முன்னேறினார்கள், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்கள் மேலும் நன்றாக இருந்தார்கள். ஆனால் அங்கே கொடுக்கப்பட்ட நடத்தைச் சிகிச்சை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்: பெற்றோருக்கு முப்பத்தைந்து அமர்வுகள், எட்டு வாரக் கோடை முகாம், வகுப்பறையிலேயே உதவியாளர். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை பேருந்தில் வந்துபோகும் குடும்பத்துக்கு அந்த முடிவை அப்படியே வாக்களிப்பது நேர்மையாகாது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும், எவ்வளவு கிடைத்தாலும் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதலில். அங்கே வரிசைக் கேள்வியே எழுவதில்லை.

பெற்றோர் பயிற்சியில் இந்தக் குழந்தைகளுக்கே உரிய ஒரு முரண் உண்டு. ஏ.டி.எச்.டி.க்குப் பெற்றோர் துணை நிற்க வேண்டும்: பை அடுக்கும்போது கூடவே நின்று, பட்டியலைக் காட்டி, நினைவுபடுத்த வேண்டும். பதற்றத்துக்கோ பெற்றோர் சற்று விலக வேண்டும்: “வந்துருவேல்லம்மா?” என்ற ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்ல, ஆறாவது கேள்விக்கான தேவை கூடுகிறது. ஒரே மாலையில் ஒரே அம்மா இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது. குழந்தை கேட்பது செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பற்றியது என்றால் உதவுவது, பயத்தைப் பற்றியது என்றால் ஒருமுறை மட்டும் பதில் சொல்லிவிட்டு, “இதற்குப் பதில் உனக்கே தெரியும்” என்று நிறுத்திக்கொள்வது என வகுத்துக்கொண்டால் வீட்டில் குழப்பம் குறையும். இதற்கு எந்தச் சீட்டும் தேவையில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

நம் சிறுவனுக்கு

அவன் பள்ளிக்குப் போகிறான், ஏ.டி.எச்.டி.யின் வரலாறு யு.கே.ஜி. வரை பின்னோக்கிப் போகிறது. பதற்றம் உண்டு, ஆனால் அது அவனை வீட்டுக்குள் பூட்டிவிடவில்லை. எனவே மெத்தில்ஃபெனிடேட் 5 மில்லிகிராம், காலையிலும் நண்பகலிலும். அதோடு மேலே சொன்ன பெற்றோர் பயிற்சி. முதல் வாரத்தில் பெரிய மாற்றமில்லை, மதியச் சாப்பாட்டில் பாதி டப்பாவில் திரும்பி வருகிறது. இரண்டாம் வாரத்தில் காலை அளவு 10 மில்லிகிராமாகிறது. நான்காம் வாரத்தில் கரும்பலகையில் உள்ளது முழுவதும் நோட்டில் இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஈடாக மாலையிலும் இரவிலும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், எடை குறையவில்லை. ஸ்கேர்டில் அம்மா கொடுக்கும் மதிப்பெண் 34லிருந்து 27ஆகியிருக்கிறது.

அந்த ஏழு மதிப்பெண் எங்கே குறைந்தது என்பதைக் கேள்வி வாரியாகப் பார்க்க வேண்டும். பள்ளி, தேர்வு, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்பவை தொடர்பான கேள்விகளில்தான் குறைந்திருக்கிறது; திட்டு குறைந்ததால் வந்த நிம்மதி அது. அம்மாவைப் பிரிவது தொடர்பான கேள்விகளில் ஒன்றுகூட நகரவில்லை. அவை ஏ.டி.எச்.டி.யின் நிழல் அல்ல, தனிக் கோளாறு. 2005இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலும் இதே போக்குத் தெரிந்தது: இரண்டும் இருந்த 32 குழந்தைகளில் 26 பேருக்கு ஊக்கி மருந்தால் ஏ.டி.எச்.டி. நன்கு குறைந்தது, ஆனால் பெரும்பாலோருக்குப் பதற்றம் எஞ்சியது. ஏ.டி.எச்.டி.யைச் சரிசெய்தால் பதற்றம் தானாகப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிடுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அந்த ஆய்வில் எஞ்சிய பதற்றத்துக்கு, செர்ட்ராலின் வகையைச் சேர்ந்த ஃப்ளூவாக்சமின் மருந்தைச் சேர்த்ததும் போலி மாத்திரையைவிடத் தெளிவான பலனைத் தரவில்லை. ஆய்வு சிறியது என்றாலும், இரண்டாவது மாத்திரைக்குத் தாவுவதற்கு முன் யோசிக்கவைக்கிறது.

எனவே இவனுக்கு அடுத்தது சி.பி.டி., அதுவும் காலை மாத்திரை செயல்படும் பத்து, பதினோரு மணிக்கு, சனிக்கிழமைகளில். மாலை ஆறு மணிக்கு வைத்தால் மருந்தின் உதவி இல்லாத நேரத்தில் உட்காரவைத்ததாகிவிடும். பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பிறகும் பிரிவுப் பயம் அசையவில்லை என்றால், அல்லது நடுவிலேயே பள்ளிக்குப் போவது நின்றுவிட்டால், அப்போது செர்ட்ராலினைக் குறைந்த அளவில் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம். ஊக்கி மருந்தால் பதற்றம் கூடியிருந்தால் வரிசையே மாறியிருக்கும்: அளவைக் குறைத்துப் பார்ப்பது, பிறகு நீண்ட நேரம் சீராகச் செயல்படும் வகைக்கு மாற்றுவது, அதுவும் உதவாவிட்டால் நிறுத்திவிட்டு அடோமோக்செடினுக்கோ பதற்றச் சிகிச்சைக்கோ போவது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கேள்வித்தாள்களையும் மீண்டும் நிரப்ப வேண்டும். கல்வியாண்டு மாறும்போது கட்டாயம் நிரப்ப வேண்டும். ஆறாம் வகுப்பில் பள்ளி மாறி, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்றாகும்போது, அடங்கியிருந்த கவனக்குறைவும் பதற்றமும் ஒன்றாகத் தலைதூக்குவது வழக்கம். அந்த ஜூன் மாதத்தில் எது முன்னால் நிற்கிறது என்பதை வைத்து வரிசையைப் புதிதாகத்தான் முடிவு செய்ய வேண்டும். நான்காம் வகுப்பில் ஏ.டி.எச்.டி.யை முதலில் பார்த்தோம் என்பதால் ஆறாம் வகுப்பிலும் மருந்தின் அளவைக் கூட்டுவதே முதல் வேலை என்றாகிவிடாது.